ஐடிஇ வன்தட்டும் யூஎஸ்பி அடாப்டரும்: வாசிப்பு எங்கே தடைபடுகிறது?

1980களின் நடுப்பகுதி வரை கணினியின் வன்தட்டு, அதாவது ஹார்டு டிஸ்க், தன்னைத் தானே இயக்கிக்கொள்ளும் அறிவு இல்லாத கருவியாகவே இருந்தது. அதை இயக்கும் கட்டுப்பாட்டு மின்சுற்று கணினிக்குள் தனி அட்டையாகச் செருகப்பட்டிருந்தது. அந்த மின்சுற்றை வன்தட்டின் அடிப்பலகைக்கே மாற்றிய ஏற்பாடு, காம்பாக், வெஸ்டர்ன் டிஜிட்டல், கன்ட்ரோல் டேட்டா ஆகிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் 1986 அளவில் உருவாகி, ஐடிஇ என்ற பெயரில் பரவியது. 1994-இல் அது ஏடிஏ என்ற பெயரில் தரநிலையாக்கப்பட்டது. 2003-க்குப் பிறகு சாட்டா இணைப்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், இன்றைய தாய்ப்பலகைகளில் ஐடிஇ செருகுமிடம் இருப்பதில்லை. எனவே பழைய வன்தட்டு ஒன்றில் தங்கிவிட்ட கணக்குகளையோ படங்களையோ கையெழுத்துப்படிகளையோ எடுக்க விரும்புவோர், ஐடிஇ வன்தட்டை யூஎஸ்பி துளையுடன் இணைக்கும் சிறிய அடாப்டரை நாடுகின்றனர். அவ்வாறு இணைத்தும் திரையில் எதுவும் தோன்றாதபோது, வன்தட்டு செத்துவிட்டது என்ற முடிவுக்கு வருவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அந்த முடிவு பல வேளைகளில் அவசரமானது. வன்தட்டின் காந்தத் தகட்டுக்கும் திரைக்கும் நடுவில் மின்சாரம், ஜம்பர், மொழிமாற்றம், பிரிவு அட்டவணை எனப் பல படிகள் இருக்க, தடை எந்தப் படியில் உள்ளது என்பதைக் கண்டறிவதற்கு ஒவ்வொரு படிக்கும் உரிய அடையாளம் உண்டு.

இதில் முதலில் தெளிவாக வேண்டியது, அடாப்டர் வெறும் கம்பி மாற்றி அன்று என்பதாகும். யூஎஸ்பி வழியாக இணையும் சேமிப்புக் கருவிகளுடன் கணினி பேசுவது ஸ்கஸி என்ற கட்டளைத் தொகுதியில்; ஐடிஇ வன்தட்டு அறிந்ததோ ஏடிஏ கட்டளைத் தொகுதியை மட்டும். அடாப்டரின் உள்ளே இருக்கும் சில்லு, ஒரு துபாஷியைப் போல, கணினி அனுப்பும் வாசிப்புக் கட்டளையை வாங்கி, அதை ஏடிஏ கட்டளையாக மாற்றி வன்தட்டுக்கு அனுப்பி, வரும் பதிலைத் திரும்பக் கணினியின் மொழிக்கு மாற்றித் தருகிறது. மின்சாரம் கிடைத்தவுடன் இச்சில்லு வன்தட்டிடம் 'உன்னை அடையாளம் காட்டு' என்ற கட்டளையை அனுப்புகிறது. வன்தட்டு தன் பெயர், வரிசை எண், மொத்த செக்டார்களின் எண்ணிக்கை முதலியவற்றை 512 பைட் கொண்ட ஒரு தொகுப்பாகத் தருகிறது. செக்டார் என்பது வன்தட்டு ஒரே தடவையில் வாசிக்கும் மிகச் சிறிய அலகு. ஐடிஇ வன்தட்டுகளில் அது 512 பைட். இந்த அடையாளப் பதில் சில்லுக்குக் கிடைக்காவிட்டால், வன்தட்டு எவ்வளவு நலமாக இருந்தாலும், கணினிக்கு அது இல்லாத பொருளே.

பரவலான ஐடிஇ இணைப்பான்கள் இரு வகை. மேசைக் கணினியின் 3.5 அங்குல வன்தட்டில் இரு வரிசையாக 40 பின்கள் உள்ளன. அவற்றுள் 20-ஆம் பின் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும், கேபிளின் எதிர்ப்பக்கத்தில் அந்தத் துளை அடைக்கப்பட்டிருக்கும், ஆகவே தலைகீழாகச் செருகுவது தடுக்கப்படும். மடிக்கணினியின் 2.5 அங்குல வன்தட்டில் பின்கள் நெருக்கமாகவும் சிறியதாகவும் 44 உள்ளன. கூடுதலான நான்கில் 41-ஆவதும் 42-ஆவதும் 5 வோல்ட்டைச் சுமப்பவை. இங்கேதான் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆபத்து இருக்கிறது. 2.5 அங்குல வன்தட்டில் அந்த 44 பின்களுக்கு அடுத்து, ஓர் இணை பின் அளவு இடைவெளி விட்டு, ஜம்பருக்கான நான்கு பின்கள் அதே வரிசையில் அதே அளவில் நிற்கின்றன. அடாப்டரை அவசரமாகச் செருகுவோர் இணைப்பானை அந்த நான்கு பின்களின் பக்கம் தள்ளிச் செருகிவிடுவதுண்டு; அப்போது 5 வோல்ட் அதற்கு உரியதல்லாத பின்களில் பாய்ந்து அடிப்பலகையைக் கருக்கிவிடக்கூடும். நல்ல வெளிச்சத்தில் வன்தட்டைத் திருப்பிப் பிடித்து, இடைவெளி எந்தப் பக்கம் உள்ளது என்பதைப் பார்த்து, ஜம்பர் பின்கள் நான்கும் வெளியே தெரியும்படி செருகுவதே முறை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஐடிஇ இணைப்பைச் செருகவோ பிடுங்கவோ கூடாது என்பதும் இதனுடன் சேர்ந்த விதி; யூஎஸ்பி முனையை அவ்வாறு பிடுங்கலாம், ஐடிஇ முனை அதற்காக அமைக்கப்பட்டதன்று.

அடுத்த படியான மின்சாரமே நடைமுறையில் மிகுதியான தோல்விகளுக்குக் காரணம். 3.5 அங்குல வன்தட்டுக்கு இரு மின்னழுத்தங்கள் வேண்டும்: மின்சுற்றுக்கு 5 வோல்ட், தகட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட். மோலெக்ஸ் எனப்படும் நான்கு பின் இணைப்பானில் சிவப்புக் கம்பி 5 வோல்ட்டையும் மஞ்சள் கம்பி 12 வோல்ட்டையும் சுமக்க, நடுவிலுள்ள இரு கறுப்புக் கம்பிகள் தரையிணைப்பாகின்றன. சுழலத் தொடங்கும் முதல் சில நொடிகளில் மோட்டார் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கலாம். சுழற்சி நிலைபெற்ற பின் தேவை அதில் ஒரு சிறு பங்காகக் குறைகிறது. அடாப்டருடன் வரும் மின்வழங்கியின் முகப்பில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தும், பழகித் தேய்ந்த வழங்கி அந்தத் தொடக்கப் பளுவில் மின்னழுத்தத்தைக் கீழே விட்டுவிடுகிறது. அப்போது வன்தட்டு சுழல எழும்பும், ஒரு 'டிக்' ஒலியுடன் அடங்கும், மீண்டும் எழும்பும். இந்த ஒலி வாசிப்புத் தலை பழுதான வன்தட்டின் ஒலியை ஒத்திருப்பதால், நல்ல வன்தட்டு பழுதானதாகக் கணிக்கப்பட்டுவிடுகிறது. இரண்டையும் பிரித்தறிய, சுழற்சியின் இரைச்சலைக் கவனிக்க வேண்டும்: தலை பழுதான வன்தட்டில் தகடு முழு வேகத்தை அடைந்து சீராக இரைந்துகொண்டிருக்கும்போதே 'டிக், டிக்' என்ற ஒலி ஒழுங்கான இடைவெளியில் வரும், மின்சாரம் போதாத வன்தட்டிலோ இரைச்சலே முழுமை பெறாமல் தணிந்து தணிந்து எழும். ஐயம் இருந்தால், மேசைக் கணினியின் எஸ்எம்பிஎஸ் ஒன்றிலிருந்து மோலெக்ஸ் கம்பியை எடுத்து மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது அடாப்டர் வழங்கியைச் சோதிக்கும் நேரிய வழி. முழு வேகத்தில் ஒழுங்காக 'டிக்' ஒலி எழுப்பும் வன்தட்டை மேற்கொண்டு ஓட்டாமல் உடனே நிறுத்திவிட வேண்டும். அது தூசியற்ற அறையில் தலை மாற்றும் வசதியுள்ள மீட்பகத்துக்குரிய வேலை, ஒவ்வொரு கூடுதல் நிமிடமும் தகட்டின் மேற்பரப்பைச் சுரண்டக்கூடும்.

2.5 அங்குல வன்தட்டுக்கு 5 வோல்ட் மட்டும் போதும் என்பதால் அது யூஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் பெற முயல்கிறது. யூஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லி ஆம்பியர் தரவே கடமைப்பட்டது; பழைய வன்தட்டுகள் தொடக்கத்தில் 1 ஆம்பியர் வரை கேட்பதுண்டு. இரு துளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரட்டைத் தலைக் கேபிளோ தனி மின்வழங்கியோ இந்தக் குறையை நீக்கும். எந்த வகையாயினும், ஐடிஇ இணைப்பை முதலில் செருகி, மின்சாரம் கொடுத்து, சுழற்சி நிலைபெறச் சுமார் பத்து நொடி காத்திருந்து, கடைசியாக யூஎஸ்பி முனையைக் கணினியில் செருகும் வரிசை நன்மை தரும். சில்லு அடையாளம் கேட்கும் தருணத்தில் வன்தட்டு பதில் சொல்லத் தயாராக இருக்கும்.

ஒரே ரிப்பன் கேபிளில் இரு வன்தட்டுகள் இணையக்கூடிய அமைப்பு ஐடிஇ என்பதால், எது முதல்வன், எது இரண்டாமவன் என்பதை வன்தட்டின் பின்புறத்திலுள்ள ஜம்பர் முடிவு செய்கிறது. அடாப்டரில் வன்தட்டு ஒன்றே இருப்பதால் அதை 'மாஸ்டர்' நிலையில் வைக்கவேண்டும் என்பது பொது விதி. இரண்டாம் வன்தட்டாகப் பயன்பட்டு 'ஸ்லேவ்' நிலையிலேயே கழற்றப்பட்டவை பல அடாப்டர்களில் தோன்றுவதில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் வன்தட்டுகளில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு: அவற்றில் 'ஸ்லேவ் உடனிருக்கும் மாஸ்டர்' என்ற நிலையும் 'தனித்திருக்கும் வன்தட்டு' என்ற நிலையும் வெவ்வேறு. முன்னதில் வைத்த வன்தட்டு, இல்லாத துணையை எதிர்பார்த்துக்கொண்டிருந்து சில்லின் கேள்விக்குப் பதில் தராமல் இருந்துவிடலாம். ஜம்பரை முற்றிலும் எடுத்துவிட்டால் தனிநிலை வந்துவிடுகிறது. ஜம்பர் படம் வன்தட்டின் மேல் ஒட்டியுள்ள தாளிலேயே பெரும்பாலும் அச்சாகியிருக்கும்.

இவை சீரான பின் கணினி வன்தட்டை எப்படி அறிகிறது என்பதை லினக்ஸ் அமைப்பில் வெளிப்படையாகக் காணலாம். 2000-ஆம் ஆண்டையொட்டி விண்டோஸ் 98 நிறுவப்பட்ட 20 ஜிபி வன்தட்டு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதை இணைத்ததும் `dmesg` கட்டளையின் வெளியீட்டில் பின்வருமாறு ஒரு வரி வரவேண்டும்:

```
sd 6:0:0:0: [sdb] 39102336 512-byte logical blocks: (20.0 GB/18.6 GiB)
```

இந்த எண்ணை வன்தட்டின் தாளில் அச்சிட்ட செக்டார் எண்ணிக்கையுடன் ஒப்பிடுவதே இந்தப் படியின் முழுச் சோதனை. இரண்டும் ஒத்திருந்தால் மின்சாரமும் ஜம்பரும் மொழிமாற்றமும் தம் கடமையைச் செய்துவிட்டன என்று பொருள். ஒத்திராவிட்டால் அந்த வேறுபாடே காரணத்தைச் சொல்லிவிடும். 40 ஜிபி வன்தட்டு 66055248 செக்டார், அதாவது 33.8 ஜிபி மட்டும் காட்டினால், பழைய பயாஸ்களின் குறைபாட்டுக்காகக் கொள்ளளவைச் சுருக்கிக் காட்டும் ஜம்பர் போடப்பட்டிருக்கிறது. 160 ஜிபி வன்தட்டு 137 ஜிபி அளவில் நின்றுவிட்டால், அடாப்டர் சில்லு செக்டார் முகவரிக்கு 28 பிட்டுக்கு மேல் அறியாத பழைய வகை. 28 பிட்டால் குறிக்கத்தக்க செக்டார்கள் 268435456, அவற்றின் கொள்ளளவே 137 ஜிபி. முதல் வகைக்கு ஜம்பரை எடுப்பதும் இரண்டாம் வகைக்கு வேறு அடாப்டரும் தீர்வு. எந்த அடாப்டரும் தீர்க்காத ஒரு வகையும் உண்டு. 1990களின் தொடக்கத்து வன்தட்டுகளுட் சில, செக்டார்களை ஒரே தொடர் எண்ணால் குறிக்கும் முறையை அறியாதவை. உருளை, தலை, செக்டார் என்ற மூன்று எண்களால் மட்டுமே அவற்றிடம் கேட்க முடியும். பெரும்பாலான அடாப்டர் சில்லுகள் தொடர் எண் முறையிலேயே கேட்பதால், சில நூறு எம்பி கொள்ளளவுள்ள அவ்வகை வன்தட்டுகளை வாசிக்க, உண்மையான ஐடிஇ துளையுள்ள பழைய கணினி ஒன்றைத் தேடுவதுதான் வழி. மடிக்கணினி வன்தட்டு கொள்ளளவைச் சரியாகக் காட்டிவிட்டு எந்தச் செக்டாரையும் தர மறுத்தால், அது கடவுச்சொல்லால் பூட்டப்பட்டதாக இருக்கக்கூடும். பூட்டிய வன்தட்டு தன் பெயரைச் சொல்லும், தரவைத் தராது, பூட்டைத் திறக்கும் கட்டளையையோ பல அடாப்டர்கள் கடத்துவதில்லை.

கொள்ளளவு சரியாகத் தோன்றியவுடன் கோப்புறைகளைத் திறந்து ஒவ்வொன்றாக நகலெடுக்கத் தொடங்குவது இயல்பான ஆவல்; ஆயினும் வயதான வன்தட்டுக்கு அது உகந்த முறையன்று. கோப்புகளைத் தேடித் தேடி எடுக்கும்போது வாசிப்புத் தலை தகட்டின் குறுக்கே ஓயாமல் ஓடுகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டமாக வாசித்து ஒரு பிம்பக் கோப்பாகச் சேமித்தால் தலையின் உழைப்பு மிகக் குறைவு, பிறகு எத்தனை தடவை தேடினாலும் வன்தட்டைத் தொடவேண்டியதில்லை. விண்டோஸில் செருகுவதில் மேலும் ஓர் இடர் உண்டு: அது கேட்காமலே சில கோப்புகளை வன்தட்டில் எழுதக்கூடியது, பிரிவை அறிந்துகொள்ள முடியாதபோது, வன்தட்டை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கவும் செய்கிறது. அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொன்ன ஒரு சொடுக்கு, முப்பதாண்டுத் தேய்மானம் செய்யாத சேதத்தைச் செய்துவிடும். லினக்ஸில், தானாக இணைக்கும் வசதியை முன்னமே நிறுத்திவிட்டு, பின்வரும் மூன்று வரிகளால் இந்தப் பணி முடிகிறது:

```
sudo blockdev --setro /dev/sdb
sudo ddrescue -d -n /dev/sdb old.img old.map
sudo ddrescue -d -r3 /dev/sdb old.img old.map
```

முதல் வரி எழுதுவதைத் தடுக்கிறது. இரண்டாம் வரி எளிதில் வாசிக்கக் கிடைக்கும் செக்டார்கள் அனைத்தையும் வாரி எடுத்து, தடைப்பட்டவற்றை old.map என்ற வரைபடக் கோப்பில் குறித்துவைத்து அப்பால் செல்கிறது. மூன்றாம் வரி அந்தக் குறிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டும் திரும்பிவந்து, ஒவ்வொன்றையும் மேலும் மூன்று சுற்று முயல்கிறது. நலமான 20 ஜிபி வன்தட்டு நொடிக்கு 25 எம்பி வேகத்தில் ஏறக்குறைய கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பழுதான செக்டார்கள் சில நூறு இருந்தாலோ, ஒவ்வொன்றிலும் வன்தட்டு பல நொடிகள் தனக்குள் முயன்று பார்ப்பதால் வேலை மணிக்கணக்கில் நீளும்.

இந்த இடத்தில் யூஎஸ்பி அடாப்டருக்கே உரிய ஒரு பொய்ச் சான்று தோன்றுகிறது; கவனமாகப் பணியாற்றுவோரும் இதில் ஏமாறுவதுண்டு. பழுதான ஒரு செக்டாரில் வன்தட்டு நெடுநேரம் பதில் தராதபோது, சில சில்லுகள் பொறுமையிழந்து உறைந்துவிடுகின்றன. அதன்பின் கணினி எந்தச் செக்டாரைக் கேட்டாலும் பிழை என்ற பதில் உடனுக்குடன் வருகிறது. மீட்பு நிரலோ அந்தப் பதில்களை நம்பி, எஞ்சிய வன்தட்டு முழுவதையும் பழுது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே போகிறது. மெய்யான பழுதிலிருந்து இதைப் பிரிப்பது நேரம்: மெய்யாகவே கெட்ட செக்டாரில் பிழை வரச் சில நொடிகள் ஆகும், வன்தட்டில் முனகலும் உரசலும் கேட்கும், உறைந்த சில்லின் பிழைகள் நொடிக்குப் பல நூறாகக் கொட்டும், வன்தட்டோ அமைதியாகச் சுழன்றுகொண்டிருக்கும். அவ்வாறு கண்டால் நிரலை நிறுத்தி, யூஎஸ்பி முனையையும் மின்சாரத்தையும் எடுத்து மீண்டும் கொடுத்து, வன்தட்டு இப்போது எந்தப் பெயரில் வந்துள்ளது என்பதைச் சரிபார்த்து, முதல் வரியை அந்தப் பெயருடன் மறுபடி கொடுத்து, இரண்டாம் வரியை `-A` என்ற தெரிவுடன் மறுபடி ஓட்டவேண்டும். முன்பு தடைப்பட்டு அரைகுறையாக நின்ற இடங்களை முயலாதவையாகக் கருதி நிரல் புதிதாகத் தொடங்கும். பெயரைச் சரிபார்க்கச் சொல்வதற்குக் காரணம், sdb ஆக இருந்தது மீண்டும் செருகியபின் sdc ஆகிவிடுவது சாதாரணம் என்பதே.

பிம்பம் கையில் வந்தபின் அதன் பிரிவு அட்டவணையைப் பார்க்கவேண்டும். பிரிவு அட்டவணை என்பது வன்தட்டின் முதல் செக்டாரில், எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எவ்வளவு நீள்கிறது என்று எழுதிய குறிப்பு. மேற்சொன்ன வன்தட்டில் `fdisk -l old.img` கட்டளை, 63-ஆம் செக்டாரில் தொடங்கி 39102209-இல் முடியும் ஒரே பிரிவை c என்ற வகைக் குறியீட்டுடன் காட்டும். அக்காலத்து டாஸ், விண்டோஸ் அமைப்புகள் முதல் பிரிவை 63-ஆம் செக்டாரில் தொடங்குவதே மரபு. 63-ஐ 512-ஆல் பெருக்கினால் 32256 பைட். அதைக் கொடுத்து, வாசிக்க மட்டும் அனுமதியுடன் பிரிவைத் திறக்கலாம்:

```
sudo mount -o ro,loop,offset=32256 old.img /mnt
```

எல்லா வன்தட்டுகளும் இவ்வளவு நேராக இருப்பதில்லை. 1990களின் நடுவில் பல பயாஸ்கள் 1024 உருளை, 16 தலை, 63 செக்டார் என்ற எல்லைக்கு மேல் எண்ண அறியாமல் 528 எம்பியில் நின்றுவிட்டதால், அதைவிடப் பெரிய வன்தட்டுகளை அவற்றில் ஓட்ட, வன்தட்டின் தொடக்கத்தில் தன்னை நிறுத்திக்கொண்டு பயாஸை ஏமாற்றும் சிறு நிரல்கள் நிறுவப்பட்டன. ஆன்டிராக் டிஸ்க் மேனேஜர், ஈஸி-டிரைவ் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. அந்த நிரல் ஓடிக்கொண்டிருந்த கணினியில் வன்தட்டு ஒழுங்காகத் தெரிந்தது; அடாப்டர் வழியாகப் பார்க்கும்போதோ அந்த நிரல் ஓடுவதில்லை, ஆகவே அட்டவணை பொருளற்றதாகத் தோன்றுகிறது. வகைக் குறியீடு 54 என்று காட்டினால் டிஸ்க் மேனேஜர் இருந்திருக்கிறது: அது வன்தட்டு முழுவதையும் 63 செக்டார் தள்ளிக் காட்டியது, எனவே உண்மையான அட்டவணை 63-ஆம் செக்டாரில் உள்ளது, அதில் 63 என்று எழுதிய தொடக்கம் மெய்யான கணக்கில் 126, திறக்கவேண்டிய இடம் 64512 பைட். குறியீடு 55 என்றால் ஈஸி-டிரைவ்; உண்மையான அட்டவணையை அது அடுத்த செக்டாருக்கு மாற்றி வைத்திருக்கும். கோப்புகள் அனைத்தும் நலமாக இருந்தும் விண்டோஸ் 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்கும் வன்தட்டுகளில் இவையும் அடங்கும் என்பதாலேயே, பிம்பம் எடுப்பதற்கு முன் எந்தப் பழுதுநீக்கும் நிரலையும் ஓட்டக்கூடாது என்ற எச்சரிக்கைக்குப் பொருள் இருக்கிறது.

பிரிவு திறந்து கோப்புகள் தெரிந்தபின் எஞ்சும் தடைகள் வன்தட்டைச் சார்ந்தவை அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து என்டிஎஃப்எஸ் பிரிவில் பழைய பயனரின் கோப்புறை 'அனுமதி இல்லை' என்று மறுத்தால், அது உரிமைக் குறிப்பு மட்டுமே. லினக்ஸில் நிர்வாகியாகத் திறந்தால் அது குறுக்கே நிற்பதில்லை. கோப்பையே மறையாக்கி வைத்திருந்தால் நிலைமை வேறு. பழைய பயனர் கணக்கின் சாவி இல்லாமல் அது திறவாது.

தமிழ் ஆவணங்கள் உள்ள வன்தட்டுகளில் இவற்றுக்கு அப்பால் ஒரு படி இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் அச்சகங்களிலும் வீடுகளிலும் தமிழ், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துருக்களால் எழுதப்பட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் குறியீடுகள் முன்வைக்கப்பட்ட பின்னரும் பாமினி போன்றவை தொடர்ந்தன. ஆதலால் பாமினியில் தட்டெழுதிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் `jkpo;` என்று நிற்கும். இதைக் கண்டு கோப்பு சிதைந்துவிட்டது என்று கருதவேண்டியதில்லை. தரவு ஒரு பைட்டும் பிசகாமல் இருக்கிறது, எந்த எழுத்துருவால் எழுதப்பட்டது என்ற தகவல் மட்டுமே தேவை. அதைத் தருவது பெரும்பாலும் அதே வன்தட்டின் `C:\WINDOWS\FONTS` கோப்புறை. பேஜ்மேக்கரில் நூல்களை வடிவமைத்த கணினிகளில், எழுத்துருக்களின் ஒரு பகுதி `C:\PSFONTS` என்ற தனிக் கோப்புறையிலும் இருக்கலாம். ஆவணக் கோப்புறையை மட்டும் நகலெடுத்துவிட்டு வன்தட்டைப் பழைய சாமான் கடைக்குப் போட்டவர்களுக்கு இந்த இரு கோப்புறைகளும் பிறகு கிடைப்பதில்லை. முழுப் பிம்பத்தையும் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருவை எடுத்து நிறுவி, பக்கத்தைப் பழைய வடிவிலேயே பார்த்து, குறியீட்டை உறுதிசெய்துகொண்டு, அதன்பின் யூனிகோடு மாற்றியில் இடலாம்.